வேளாண் வேலைக்கு விண்ணப்பமா? கடிதத்தில் ஒரு வயலைக் காட்டுங்கள்

பெங்களூரில் உரம், விதை விற்கும் கம்பெனிக்கு விண்ணப்பிக்க என் அக்கா மகன் எழுதிய கடிதத்தை நேற்று சேர்ந்து திருத்தினோம். பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவன். "மண்ணியல், பயிர் நோயியல் படித்துள்ளேன்" என்று தொடங்கியிருந்தான். விண்ணப்பிக்கிற எல்லோரும் படித்ததுதானே அது? அந்த வரியை அடித்துவிட்டு, கிராமத் தங்கல் பயிற்சியில் பார்த்த ஒன்றை எழுதச் சொன்னேன். இப்படி வந்தது:

"ஒரு விவசாயியின் தக்காளியில் காயின் அடிப்பக்கம் மட்டும் கறுத்துக் குழிந்திருந்தது. இலையில் புள்ளி இல்லை. நோய் என்று நினைத்து இரண்டு முறை பூஞ்சைக்கொல்லி அடித்திருந்தார். மண்ணைக் காயவிட்டுத் திடீரென நிறையத் தண்ணீர் விட்டதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் போய்ச் சேரவில்லை. சீராக நீர் விடவும், சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட் தரவும் சொன்னோம். கறுத்த காய் தேறாது, புதிய காய்கள் நன்றாக வந்தன."

அப்புறம் அதை வேலையோடு இணைக்கும் ஒரு வரி: "கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கலந்தால் படிவு உண்டாகி சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும், விற்கும்போதே இதை விவசாயியிடம் சொல்வேன்."

கோலார் பக்கம் தக்காளி அதிகம். அங்கே போகும் வேலை என்றால், கன்னடம் எந்த அளவுக்குப் பேச வரும் என்பதையும் உள்ளபடி எழுதுங்கள்.