டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு: சித்தூர் எல்லைப் பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்

நகரி, குப்பம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரமே ஒரு பேச்சு நடக்கும். "ஆந்திராவிலே பாலிடெக்னிக் சேர்ந்தா தெலுங்குப் பசங்களோட படிக்கணும். திருத்தணி பக்கம் சேர்த்துட்டா நம்ம பாஷை, பஸ்ஸும் இருக்கு." இப்படிச் சொல்லிப் பிள்ளையை எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். மூன்று ஆண்டு கழித்து பி.டெக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர ஆந்திராவின் ஈசெட் தேர்வை எழுதும்போதுதான் அந்த முடிவின் விலை தெரிகிறது. நான் இந்தப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் இந்தக் கேள்வியோடு யாராவது ஒரு அப்பா வந்து நிற்கிறார்.

விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகன் வந்த கதையைச் சொல்கிறேன். நகரியில் பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு டிப்ளமோ. ஈசெட்டில் நல்ல ரேங்க்தான். ஆனால் கவுன்சலிங்கில் சான்றிதழ் சரிபார்த்தபோது அவன் 'நான்-லோக்கல்', அதாவது உள்ளூர்க்காரன் அல்லாதவன், ஆனான். பிறந்து வளர்ந்தது நகரி, ரேஷன் கார்டு நகரி, அப்புறம் எப்படி என்று அந்த அப்பாவுக்குப் புரியவே இல்லை.

விதி இப்படி இருக்கிறது. ஆந்திரத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கு 1974ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணைப்படி ஆந்திரா பல்கலைக்கழகப் பகுதி, வேங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதி என்று இரண்டு உள்ளூர்ப் பகுதிகள். சித்தூர் இரண்டாவதில் வரும். தகுதித் தேர்வு முடியும் ஆண்டோடு சேர்த்து, அதற்கு முன்னால் தொடர்ச்சியாக நான்கு கல்வி ஆண்டுகள் அந்தப் பகுதிக்குள் படித்திருந்தால் நீங்கள் லோக்கல். இங்கே தகுதித் தேர்வு என்பது டிப்ளமோ. எண்ணிப் பாருங்கள்: டிப்ளமோ மூன்று ஆண்டு, பத்தாவது ஓராண்டு. நகரியில் பத்தாவது, சித்தூரிலோ திருப்பதியிலோ டிப்ளமோ என்றால் நான்கும் நிறைந்துவிடுகிறது. எல்லை தாண்டியவனுக்குக் கடைசி மூன்றும் வெளியே போய்விட்டன. நான்கு ஆண்டுக் கணக்கு நிறையாதவர்களுக்கு ஏழு ஆண்டுப் படிப்பை வைத்துப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் அந்த ஏழும் மாநிலத்துக்குள்ளேயே படித்திருக்க வேண்டும், ஆக அதுவும் அவனுக்கு உதவாது.

லோக்கல் இல்லாவிட்டால் 85 சதவீத இடங்களில் அவனுக்குப் பங்கில்லை. மிச்சம் 15 சதவீதம் பொது. அதிலும் அவன் தனியாக இல்லை, லோக்கல் பிள்ளைகளும் ரேங்க்படி அதே இடங்களுக்குப் போட்டி போடுவார்கள். அந்த 15க்குள் நுழையவும் ஒரு காகிதம் வேண்டும். மாணவனோ, அப்பா அம்மாவில் ஒருவரோ ஆந்திரத்தில் மொத்தம் பத்து ஆண்டு வசித்ததற்கான சான்று அது. மாணவன் வெளி மாநிலத்தில் படித்த காலம் கணக்கில் சேராது. அந்த அப்பா நகரியை விட்டு எங்கும் போனதில்லை என்பதால் தாசில்தார் அலுவலகத்தில் வாங்க முடிந்தது. ஆனால் கவுன்சலிங் அறிவிப்பு வந்த பிறகு அலைந்தார். வெளியே டிப்ளமோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி ஆண்டு தொடங்கும்போதே இதை வாங்கி வையுங்கள். உள்ளேயே படித்தவர்களுக்கு ஸ்டடி சர்டிபிகேட்டுகள் போதும். பழைய பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்டர் தேடி எழுதித் தர நாளாகும், அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்தது தேர்வு. ஈசெட் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் சொந்தப் பிரிவுக்கு 100, கணிதத்துக்கு 50, இயற்பியல் 25, வேதியியல் 25. தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை. பிள்ளைகள் மூன்று ஆண்டும் பிரிவுப் பாடத்திலேயே ஊறியிருப்பதால் அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். ஒருவர் பிரிவில் 62, கணிதத்தில் 18, மற்ற இரண்டில் சேர்த்து 15 எடுத்தால் மொத்தம் 95. இன்னொருவர் பிரிவில் 52தான், ஆனால் கணிதம் 34, மற்றவை 23 என்றால் 109. பிரிவுப் பாடத்தில் பத்து மதிப்பெண் குறைந்தும் முன்னால் போய்விட்டார். கணிதப் பகுதியில் வருவது அணிகள், பகுதிப் பின்னம், முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் போன்றவைதான், எல்லாம் டிப்ளமோவில் நடத்தியவை.

தகுதியைப் பற்றிச் சுருக்கமாக. டிப்ளமோவில் 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. ஈசெட்டில் 200க்கு 50 எடுத்தால்தான் ரேங்க் உண்டு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்தக் குறைந்தபட்சம் கிடையாது. தொழில்நுட்பக் கல்வியை நாடு முழுக்க ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, எந்தப் பிரிவு டிப்ளமோவும் போதும் என்று சொல்வதைக் கேட்டு, எலெக்ட்ரிக்கல் முடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று இருந்துவிடக் கூடாது. எந்த டிப்ளமோவுக்கு எந்தத் தாள், எந்தெந்தப் பட்டப் பிரிவு என்ற அட்டவணை ஈசெட் தகவல் கையேட்டில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதைப் பாருங்கள்.

சீட் கிடைத்த பிறகு நடக்கும் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. பிரிட்ஜ் கோர்ஸை அலட்சியம் செய்வது. லேட்டரல் என்ட்ரியில் வருபவர் முதலாண்டைத் தாண்டிக் குதிக்கிறார், ஆனால் முதலாண்டுப் பாடம் தெரியும் என்று நினைத்துத்தான் இரண்டாம் ஆண்டு ஆசிரியர் தொடங்குவார். அதனால்தான் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் போன்றவற்றில் பல்கலைக்கழகங்கள் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்த வேண்டும் என்று ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. "அதுக்கு மார்க் இல்லையே சார்" என்று பிள்ளைகள் வகுப்புக்குப் போவதில்லை. கவுன்சலிங் முடிந்து தாமதமாகச் சேர்ந்தால் அந்த வகுப்பே நழுவிப் போவதும் உண்டு.

எலெக்ட்ரிக்கல் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி முதல் மாதமே போன் செய்து அழுதாள். மின்காந்தப் புல வகுப்பில் ஆசிரியர் போர்டில் ∇·D = ρ என்று எழுதினாராம். அந்தத் தலைகீழ் முக்கோணத்தை அவள் பார்த்ததே இல்லை. வெக்டர் கால்குலஸ் டிப்ளமோவிலும் இல்லை, ஈசெட்டிலும் இல்லை, பி.டெக் முதலாண்டில்தான் நடத்துகிறார்கள். நான் அவளிடம் ஒரு கணக்கு மட்டும் கொடுத்தேன். F என்ற வெக்டரின் மூன்று கூறுகள் x, y, z. முதல் கூறை x-ஐ வைத்து வகையிடு, இரண்டாவதை y, மூன்றாவதை z. ஒவ்வொன்றும் 1, கூட்டினால் 3. ∇·F = 3. "இவ்வளவுதானா சார், இது பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன்தானே" என்றாள். அதேதான். ஈசெட்டுக்கே அதைப் படித்திருந்தாள். அவளுக்குத் தெரியாதது குறியீடும், ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு வெளியே பரவுகிறது என்ற அதன் பொருளும்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் மூன்றையும் போட்டுப் பழகினாள், வகுப்பு பிடிபட்டது.

ஆகவே சீட் உறுதியான அன்றே கல்லூரி இணையதளத்திலிருந்து முதலாண்டுப் பாடத்திட்டத்தை எடுத்து, டிப்ளமோ புத்தகத்தோடு பக்கத்தில் வைத்து, இல்லாததை மட்டும் பென்சிலால் குறியுங்கள். எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என்றால் பெரும்பாலும் வெக்டர் கால்குலஸும், அணிகளில் ஐகன் மதிப்பும் மிஞ்சும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் சி மொழியில் பாயின்டரும் லிங்க்ட் லிஸ்ட்டும் கை பழகியிருக்கிறதா என்று நீங்களே எழுதிப் பாருங்கள். அனந்தப்பூர் ஜேஎன்டியூவின் இப்போதைய பாடத்திட்டத்தில் டேட்டா ஸ்ட்ரக்சர் முதலாண்டிலேயே முடிந்துவிடுகிறது, இரண்டாம் ஆண்டில் அதன் அடுத்த கட்டம்தான் ஆரம்பம். குறித்த தாளை எடுத்துக்கொண்டு பிரிட்ஜ் வகுப்பு நடத்துபவரிடம் போய், இந்த நான்கு தலைப்பு எனக்கு வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற பிள்ளையை ஆசிரியர் திருப்பி அனுப்ப மாட்டார்.