பஸ்ஸர் கத்தியதே, பம்ப் ஏன் ஓடவில்லை?

சுங்கை சிப்புட் பக்கம் படிவம் மூன்று பிள்ளைகளிடம் ரேகா பெந்தோக் பாடத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பத்தில் பாதிப் பேர் “செடிக்குத் தானா தண்ணி ஊத்துற மெஷின்” என்பார்கள். மண்ணில் ஓர் ஈரப்பத உணரி, ஓர் ஆர்டுயினோ ஊனோ, வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சின்ன பம்ப், வாளி காலியானால் கத்த ஒரு பஸ்ஸர். லயத்து வீட்டுக்குப் பின்னால் மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் வேலைதான்.

முதலில் பஸ்ஸரை 8ஆம் பின்னில் செருகுவார்கள். கத்தும். அதே துணிச்சலில் பம்பின் சிவப்பு வயரை 9ஆம் பின்னிலும் கறுப்பு வயரை GNDயிலும் செருகுவார்கள். பம்ப் ஓடாது. சில சமயம் ஒரு தடவை உதறும், அவ்வளவுதான். “பஸ்ஸர் கத்துச்சேண்ணே, அப்ப கோடிங்லதான் ஏதோ தப்பு” என்று கணினிப் பக்கம் திரும்பி விடுவார்கள். கோடிங்கில் தப்பே இல்லை. அது மின்னோட்டக் கணக்கு. இன்னொன்றும் உண்டு: பஸ்ஸர் கத்தியதாலேயே பஸ்ஸரின் இணைப்பு சரி என்று ஆகிவிடாது.

ஊனோ போர்டில் இருக்கும் சிப்பின் பெயர் ATmega328P. அதன் தரவுத்தாளில் ஒரு பின்னுக்கு இரண்டு எண்கள் வரும். ஒன்று 20 மில்லியாம்பியர், இன்னொன்று 40 மில்லியாம்பியர். “ஊனோ பின் 40 வரை கொடுக்கும்” என்று பலர் ஒப்பிப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். ஆனால் அது இருப்பது ‘இதைத் தாண்டினால் சிப்புக்கு நிரந்தரச் சேதம் வரலாம்’ என்ற பட்டியலில். வேலை செய்வதற்கான அளவு அல்ல அது. 20 மில்லியாம்பியர் வரை இழுத்தால் பின்னில் வோல்ட் எவ்வளவு நிற்கும் என்பதற்குத்தான் தயாரிப்பாளர் உறுதி தருகிறார். ஆகவே 20ஐ உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள், 40ஐ மறந்துவிடுங்கள். எல்லாப் பின்களும் சேர்ந்து இழுப்பதற்கும் சிப்பில் 200 மில்லியாம்பியர் என்ற வரம்பு உண்டு. அதுவும் சேத வரம்புதான்.

இந்த எண்ணைத் தாண்டினால் பின் உடனே ‘நிறுத்து’ என்று தடுக்காது. அதற்கு ஃபியூஸ் கிடையாது. நடப்பது வேறு.

HIGH என்று எழுதியதும் சிப்புக்குள் ஒரு மிகச் சிறிய டிரான்சிஸ்டர் திறந்து 5 வோல்ட்டைப் பின்னுக்கு விடுகிறது. அந்த டிரான்சிஸ்டருக்கும் மின்தடை உண்டு. 20 மில்லியாம்பியர் இழுக்கும்போது, சாதாரண அறை வெப்பத்தில், பின்னில் ஏறக்குறைய அரை வோல்ட் குறைந்து 4.5 வோல்ட் அளவில் நிற்கும். அரை வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 25 ஓம். அதாவது நீங்கள் எதைச் செருகினாலும், உங்களுக்குத் தெரியாமல் 25 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வரிசையில் சேர்ந்து நிற்கிறது.

இப்போது பம்பை எடுத்துக்கொள்வோம். 3 முதல் 6 வோல்ட் என்று போட்டு விற்கும் அந்த வெள்ளைப் பம்ப், தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ 200 மில்லியாம்பியர் இழுக்கும். நம் வரம்பைப்போல் பத்து மடங்கு. ஆனால் கிளம்பும் நொடியில் அது கேட்பது அதைவிடப் பெரியது. நின்று கொண்டிருக்கும் மோட்டார் வெறும் செம்புக் கம்பிச் சுருள். சுழலத் தொடங்கிய பிறகுதான் அது எதிர் வோல்ட்டை உண்டாக்கித் தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பம்பின் இரண்டு வயரையும் தொட்டுப் பாருங்கள். உங்களுக்கு 5 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மின்சப்ளையில் அது கிளம்பும்போது 5 வோல்ட்டை 5 ஓமால் வகுத்து, ஒரு முழு ஆம்பியர் கேட்கும்.

அதையே பின்னில் செருகினால் கணக்கு மாறிவிடும்:

```
I = 5 / (25 + 5) = 0.167 A
V(பம்ப்) = 0.167 x 5 = 0.83 V
V(சிப்புக்குள்) = 5 - 0.83 = 4.17 V
P(சிப்புக்குள்) = 4.17 x 0.167 = 0.7 W
```

பம்புக்குக் கிடைப்பது ஒரு வோல்ட்கூட இல்லை. அதனால்தான் அது ஓடவில்லை. மீதி நாலு வோல்ட்டும் சிப்புக்குள் இருக்கும் அந்தத் துளி டிரான்சிஸ்டரின் தலையில் விழுந்து, 0.7 வாட் சூடாக மாறுகிறது. ஓட்டம் கூடக் கூட அந்த டிரான்சிஸ்டரின் தடையும் கூடும் என்பதால், நிஜத்தில் எண் இதைவிடக் குறைவாக வரும். ஆனால் 40ஐத் தாண்டுவதில் சந்தேகமே இல்லை. பம்ப் ஓடவில்லையே என்று நீங்கள் கோடிங்கைத் திருத்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்தப் பின் வெந்துகொண்டிருக்கிறது.

பஸ்ஸருக்கு வருவோம். கடையில் ஒரே மாதிரி கறுப்பு டப்பாவாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வகை உண்டு. பியஸோ தகடு வைத்தது ஒன்று. அது ஏறக்குறைய ஒரு கெபாசிட்டர் மாதிரி, சில மில்லியாம்பியரோடு முடிந்துவிடும். அதைத் தாராளமாக நேராகச் செருகலாம். நம் நாட்டில் வகுப்பறைகளுக்கு வரும் சில போர்டுகளில் பஸ்ஸரைப் போர்டிலேயே பொருத்தித் தருவதும் இந்த வகை இருப்பதால்தான். இரண்டாவது, வோல்ட் கொடுத்தவுடன் தானே கத்தும் 5 வோல்ட் காந்த பஸ்ஸர். இது சுமார் 30 மில்லியாம்பியர் இழுக்கும். 20க்கும் 40க்கும் நடுவில் இருப்பதால் கத்தும், பல மாதம் ஓடவும் செய்யும். பிள்ளைகளை ஏமாற்றுவது இதுதான். மூன்றாவது, உள்ளே வெறும் சுருள் மட்டும் இருக்கும் வகை. இது 16 ஓம் என்று வரும். மேலே போட்ட கணக்கையே போடுங்கள்: 5ஐ 41ஆல் வகுத்தால் 120 மில்லியாம்பியருக்கு மேல். அதுவும் tone() போட்டால் கத்தும்! எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிய ஓம் மீட்டர் போதும். பத்து இருபது ஓம் காட்டினால் அது மூன்றாவது வகை. பியஸோ என்றால் இணைப்பே இல்லாததுபோல் காட்டும். தானே கத்தும் வகைக்கு உள்ளேயே மின்சுற்று இருப்பதால் ஓம் எண்ணை நம்ப வேண்டாம், பெட்டியில் போட்டிருக்கும் மில்லியாம்பியரைப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு வரும் முதல் யோசனை, “எல்இடிக்குப் போடுற மாதிரி ரெசிஸ்டர் போட்டா?” என்பது. போடலாம், பின் தப்பித்துவிடும். ஆனால் எல்இடிக்கு 10 மில்லியாம்பியரே தாராளம். பம்புக்கு 200 வேண்டும். 20க்குள் அடக்க 220 ஓம் போட்டால் பம்புக்கு மிஞ்சுவது 0.1 வோல்ட். ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் முடியும், இல்லாததை உண்டாக்க முடியாது.

இரண்டாவது யோசனை இன்னும் ஆபத்தானது. ஒரு பின் போதவில்லை என்றால் இரண்டு பின்னைச் சேர்த்து முறுக்கிவிடுவது.

```
digitalWrite(8, HIGH);
digitalWrite(9, HIGH);
```

இரண்டு வரியும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. சில மைக்ரோ வினாடிக்கு 8ஆம் பின் 5 வோல்ட்டிலும் 9ஆம் பின் பூஜ்யத்திலும் இருக்கும். நடுவில் வயர் நேராக இணைந்திருக்கிறது. இரண்டு பக்கத்து 25 ஓம் மட்டுமே தடை. 100 மில்லியாம்பியர் பின்னிலிருந்து பின்னுக்குப் பாயும். இரண்டாவது வரியை எழுத மறந்துவிட்டாலோ அது மைக்ரோ வினாடியோடு நிற்காது. அப்படியே எல்லாம் சரியாக அமைந்தாலும் கிடைப்பது 40தான், 200 அல்ல.

செய்ய வேண்டியது வேறு. தோட்டத்தில் மண்டோர் வேலையைச் சொல்வார், குலையைத் தூக்குவது வேறு ஆள். பின்னை அந்த மண்டோராக வைத்துக்கொண்டு, தூக்குவதற்கு மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். 5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். IRLZ44N அப்படிப்பட்டது. அதற்குக் கேட், சோர்ஸ், ட்ரெய்ன் என்று மூன்று கால்கள். பின்னிலிருந்து 220 ஓம் வழியாக அதன் கேட்டுக்கு ஒரு வயர். கேட்டிலிருந்து GNDக்கு 10 கிலோ ஓம், போர்டு விழித்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பம்ப் தானாக ஓடாமலிருக்க. சோர்ஸ் GNDயில். ட்ரெய்ன் பம்பின் கறுப்பு வயரில். பம்பின் சிவப்பு வயர் நான்கு ஏஏ மின்கலங்களின் பாஸிட்டிவில். இப்போது பின் கொடுப்பது கேட்டை நிரப்ப ஒரு கணத்துக்கு வேண்டிய சொற்ப மின்னோட்டம் மட்டுமே. அதையும் 220 ஓம் சுமார் 20 மில்லியாம்பியரில் அடக்கிவிடும்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது பெயரில் உள்ள ‘L’ஐக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் சிவப்பு மாட்யூல்களில் IRF520 இருக்கும். அது 10 வோல்ட்டில் முழுதாகத் திறப்பதற்காகச் செய்தது. 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து, பம்பும் சோம்பேறியாக ஓடி, அதுவும் சூடாகும். என்னைக் கேட்டால் பள்ளி வேலைக்கு அந்த மாட்யூல் வேண்டாம்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. மின்கலத்தின் நெகட்டிவும் ஆர்டுயினோவின் GNDயும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னின் 5 வோல்ட் எதோடு ஒப்பிட்டு 5 என்று கேட்டுக்குத் தெரியாது, பம்ப் ஓடவே ஓடாது. அடுத்து, பம்பின் இரண்டு வயருக்கும் குறுக்கே 1N4007 டையோட் ஒன்று, வெள்ளைக் கோடு பாஸிட்டிவ் பக்கம். மாஸ்ஃபெட் சட்டென்று அடைக்கும்போது சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் உடனே நிற்க மறுக்கும். போக வழி இல்லையென்றால் வோல்ட்டை ஏற்றிக்கொண்டு மாஸ்ஃபெட்டைத் தாக்கும். டையோட் அதற்குப் போக்கிடம் தருகிறது. திருப்பிப் போட்டால் மின்கலமே ஷார்ட் ஆகும், கோட்டை இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

30 மில்லியாம்பியர் பஸ்ஸருக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு 2N2222 டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு 1 கிலோ ஓம், முடிந்தது.

மைக்ரோபிட் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பின் 3 வோல்ட்டுக்காரர், 5 மில்லியாம்பியருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ராஸ்பெரி பை பிக்கோவிலும் ஒரு பின்னின் உச்ச அமைப்பு 12 மில்லியாம்பியர்தான்.

ஏற்கெனவே பம்பை நேராகச் செருகிவிட்டவர்களுக்கு: எல்லா வயரையும் கழற்றிவிட்டு setup()இல் இதை மட்டும் போட்டு ஏற்றுங்கள்.

```
pinMode(9, OUTPUT);
digitalWrite(9, HIGH);
```

மல்டிமீட்டரை 9ஆம் பின்னிலும் GNDயிலும் வையுங்கள். 5 வோல்ட் ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு 330 ஓம் ரெசிஸ்டரைப் பின்னுக்கும் GNDக்கும் நடுவே போட்டு மறுபடி பாருங்கள். அது சுமார் 14 மில்லியாம்பியர் இழுக்கும். 4.5க்கு மேல் நின்றால் அந்தப் பக்கம் நலம். வெறுமனே 5 காட்டிவிட்டு, ரெசிஸ்டர் போட்டதும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குச் சரிந்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் பாதி வெந்துபோய்விட்டது. HIGHஐ LOW ஆக மாற்றி, ரெசிஸ்டரைப் பின்னுக்கும் 5Vக்கும் நடுவே மாற்றிப் போட்டும் ஒரு தடவை பாருங்கள், அப்போது வோல்ட் பூஜ்யத்தின் பக்கம் இறங்காமல் நின்றால் மறுபாதி போய்விட்டது. போர்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மற்றப் பின்களையும் இதே மாதிரி சோதித்து, தேறுபவற்றை வைத்துக்கொண்டு, 9ஆம் பின்னின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.