கஃபே செயினோடு கூட்டுப் பெயரில் தட்டை: ரோல் அடிப்பதற்கு முன்

பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தட்டை போடும் ஒருவரை, நாற்பது கிளை உள்ள கஃபே செயின் கூப்பிட்டு, “ரெண்டு பேர் பெயரும் ஒரே கவரில் போடலாம்” என்கிறது. அவர் முதலில் ஓடுவது பிரிண்டரிடம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப இதையே செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

இரண்டு லோகோவோடு ரோல் அடிப்பது

கவர் செய்யும் பிளாஸ்டிக் சுருளான ரோல் ஃபிலிமில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு சிலிண்டர் வெட்ட வேண்டும், அதனால் பிரிண்டர் சின்ன ஆர்டர் எடுக்க மாட்டார். 200 கிலோ ஃபிலிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவர் ஒன்று 4 கிராம் என்றால் 50,000 கவர். கிளைக்கு நாளுக்கு 5 பாக்கெட் போனாலும் மாதம் 6,000தான், அதாவது எட்டு மாதச் சரக்கு. மூன்றாம் மாத முடிவில் செயின் மெனுவை மாற்றினால் 32,000 கவர், 128 கிலோ, அப்படியே மிஞ்சும். கிலோ 350 ரூபாய் என்றால் 44,800 ரூபாய் போச்சு, சிலிண்டர் செலவு தனி. அவர்கள் லோகோ இருப்பதால் அந்தக் கவரில் உங்கள் கடையிலேயே தட்டை விற்க முடியாது. அனுமதி முடிந்த பிறகு விற்றால் வழக்குக்கு நீங்களே வழி விட்டதாகும்.

முதல் மூன்று மாதம் உங்கள் வழக்கமான கவரையே வையுங்கள், முன்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ரோல்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும். நிறுத்த 60 நாள் முன்னறிவிப்பு, மிஞ்சும் ஃபிலிமையும் சிலிண்டர் செலவையும் அவர்களே ஏற்பது, பேக் ஆன சரக்கை அதன் தேதி முடியும் வரை விற்க அனுமதி. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

பொருந்துமா என்று பார்க்காமல் நாற்பது கிளைக்கும் அனுப்புவது

இரண்டு கிளையில் நான்கு வாரம் வையுங்கள். முதல் வார விற்பனை ஆசையில் வாங்கியது, அதை நம்பாதீர்கள். மூன்றாம் வாரம் கிளையே மறுபடி ஆர்டர் போடுகிறதா என்று பாருங்கள். பாக்கெட் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். காபி மெஷின் சூட்டுக்குப் பக்கத்திலோ, கண்ணாடி ஜன்னல் வெயிலிலோ நின்றால் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். ‘உள்ளே இருப்பது தெரியட்டும்’ என்று கஃபேக்காரர்கள் கேட்கும் கவர் வெளிச்சத்தை உள்ளே விட்டு அதை இன்னும் வேகமாக்கும். வாரம் ஒரு பாக்கெட்டை அலமாரியிலிருந்தே எடுத்துப் பிரித்து முகருங்கள். காறல் வாடை வந்தால் இரண்டு பெயரும் கெடும், திட்டு உங்களுக்குத்தான் முதலில் விழும்.

‘வேறு கஃபேக்குக் கொடுக்கக் கூடாது’

செயின் இப்படி நிபந்தனை போட்டால், அவர்கள் எடுக்க வேண்டிய மாதக் குறைந்தபட்ச ஆர்டர் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம்

உத்யம் பதிவு இருந்தால், சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும் என்பது சட்டம். 90 நாள் என்று எழுதிக் கொண்டுவந்தால் அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள்.