மூன்று வருட ஷார்ப் விகிதத்தை எவ்வளவு நம்பலாம்? நம்பிக்கை இடைவெளி போட்டுப் பார்க்கும் முறை

ஒரு ஃபண்டின் அறிக்கையில் "3 வருட ஷார்ப் விகிதம் 0.87" என்று இருக்கிறது. எடுத்த ரிஸ்க்குக்கு எவ்வளவு வருமானம் கிடைத்தது என்று சொல்லும் எண் இது. பக்கத்திலேயே இன்னொரு ஃபண்டுக்கு 0.55. முதலாவதை நடத்துபவர் கெட்டிக்காரர் என்று சொல்லிவிடலாமா? அந்த 0.87-ஐச் சுற்றி ஒரு நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் எண்களின் எல்லை, போட்டுப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். கணக்கு ஒன்றும் பெரிதில்லை, கால்குலேட்டரே போதும். சராசரியும் திட்டவிலக்கமும் என்னவென்று தெரிந்தால் சரி.

படி 1: மாத அளவில் ஷார்ப் விகிதம்

ஒவ்வொரு மாத வருமானத்திலிருந்தும் அந்த மாதத்துக்கான ரிஸ்க் இல்லாத வட்டியைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது உபரி வருமானம். அதன் சராசரியை அதன் திட்டவிலக்கத்தால் வகுத்தால் மாத ஷார்ப் விகிதம் வந்துவிடும்.

நம் ஃபண்டுக்கு 36 மாதத் தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உபரி வருமானத்தின் சராசரி மாதம் 1%, திட்டவிலக்கம் 4%. அப்படியானால் மாத ஷார்ப் 1 ÷ 4 = 0.25. இதை √12-ஆல் (அதாவது 3.464-ஆல்) பெருக்கினால் வருட ஷார்ப் 0.87. அறிக்கையில் அச்சாகும் எண் இதுதான்.

ஆனால் அடுத்த படிக்கு 0.87-ஐ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். திட்டப்பிழையை, அதாவது நம் மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவை, மாத எண்ணை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். கடைசியில் வருட அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வருட ஷார்ப்பையும் 36 என்ற மாத எண்ணிக்கையையும் ஒரே சூத்திரத்தில் போட்டுவிடுவது, இந்தக் கணக்கில் அடிக்கடி கண்ணில் படும் தவறு.

படி 2: திட்டப்பிழை

வருமானங்கள் ஒன்றையொன்று சாராதவை, இயல்நிலைப் பரவலில் வருபவை என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம். நிதிப் பொருளாதார நிபுணர் ஆண்ட்ரூ லோ 2002-இல் எழுதிய கட்டுரையால் பரவலாகப் புழக்கத்துக்கு வந்த சூத்திரம் இது:

```
SE = sqrt( (1 + SR^2 / 2) / T )
```

SR என்பது மாத ஷார்ப், T என்பது மாதங்களின் எண்ணிக்கை. நம் எண்களைப் போட்டால்:

```
SE = sqrt( (1 + 0.0625 / 2) / 36 ) = 0.169
```

மதிப்பீடு 0.25, அதன் திட்டப்பிழை 0.169. பிழையே மதிப்பீட்டில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது.

சூத்திரத்தில் SR^2 / 2 என்ற துண்டு இங்கே வெறும் 0.03 என்பதையும் பாருங்கள். அதைத் தூக்கிப் போட்டாலும் விடை பெரிதாக மாறாது. அதனால் மனக்கணக்காக ஒரு விதி கிடைக்கிறது: வருட ஷார்ப்பின் திட்டப்பிழை ஏறக்குறைய 1 ÷ √வருடங்கள். 3 வருடத்துக்கு 0.58, 4 வருடத்துக்கு 0.5. யாராவது ஷார்ப் எண்ணைச் சொன்னால் "எத்தனை வருடம்?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே மனதுக்குள் இதைப் போட்டுவிடலாம்.

படி 3: இடைவெளி

95% இடைவெளிக்கு, திட்டப்பிழையை 1.96-ஆல் பெருக்கி இரு பக்கமும் வைக்க வேண்டும்.

```
0.25 ± 1.96 × 0.169  →  -0.08 முதல் 0.58   (மாதம்)
× 3.464              →  -0.28 முதல் 2.02   (வருடம்)
```

0.87 என்று இரண்டு தசம இடம் வரை அச்சிட்ட எண்ணுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு அகலமான இடைவெளி. ஒரு முனையில், ரிஸ்க் இல்லாத வட்டியைக்கூட எட்டாத ஃபண்ட். மறு முனையில், உலகில் வெகு சிலரே நெடுங்காலம் தக்கவைக்கும் தரம். இரண்டில் எதுவாக இருந்தாலும் இந்த 36 மாதத் தரவோடு அது முரண்படாது. பக்கத்து ஃபண்டின் 0.55-ம் இதற்குள்ளேயே வசதியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் இதே அளவு அகலமான இடைவெளி உண்டு. இரண்டையும் தரவரிசைப்படுத்த இந்தத் தரவில் ஆதாரம் இல்லை.

"உண்மை ஷார்ப் இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. கறாராகச் சொன்னால் அப்படியில்லை. இதே முறையில் மீண்டும் மீண்டும் இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மை எண்ணைப் பிடித்திருக்கும். 95% என்பது முறையின் தரம். கையில் இருக்கும் இந்த ஒன்று பிடித்ததா, தவறவிட்டதா என்பது நமக்குத் தெரியாது.

தினசரித் தரவு எடுத்தால் இடைவெளி சுருங்காதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. 36 மாதத்துக்குப் பதில் 756 நாள் வருமானம் எடுத்தால் T இருபத்தொரு மடங்கு ஆகிறதே! செய்து பார்ப்போம். வருடத்துக்கு 252 வர்த்தக நாள் என்றால், 0.87-க்கு இணையான நாள் ஷார்ப் 0.0546. திட்டப்பிழை √(1.0015 ÷ 756) = 0.0364. இதை √252-ஆல் பெருக்கி வருட அளவுக்குக் கொண்டுவந்தால் 0.578. மாதத் தரவில் இதே எண் 0.586 ஆக இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் மிச்சம் 0.008தான்.

காரணம் இருக்கிறது. திட்டவிலக்கத்தை அடிக்கடி அளந்தால் அது துல்லியமாகும், உண்மைதான். ஆனால் ஷார்ப்பின் நிச்சயமின்மை முக்கால்வாசிக்கும் மேல் சராசரியிலிருந்து வருகிறது. சராசரி வளர்ச்சியைத் தீர்மானிப்பவை தொடக்க நாளின் மதிப்பும் கடைசி நாளின் மதிப்பும் மட்டுமே (மடக்கை வருமானத்தில் இது அப்படியே பொருந்தும்). நடுவில் எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் அந்த இரண்டு மதிப்புகள் மாறப்போவதில்லை. இடைவெளி சுருங்க வேண்டுமென்றால் காலம்தான் நீள வேண்டும். அதுவும் பாதியாகச் சுருங்க நான்கு மடங்கு காலம், அதாவது 3 வருடத்துக்குப் பதில் 12 வருடம் வேண்டும்.

படி 4: வருமானம் இயல்நிலையில் இல்லாதபோது

பெரும்பாலான மாதங்களில் சின்ன லாபம், எப்போதாவது ஒரு பெரிய அடி. ஆப்ஷன் விற்கும் உத்திகள் இந்த வகை. பரவல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று சொல்லும் கோட்டளவை இவற்றில் எதிர்மறையாகவும், எல்லை மீறிய மாதங்கள் எவ்வளவு அதிகம் என்று சொல்லும் தட்டை அளவை 3-க்கு மேலாகவும் இருக்கும். அப்போது சூத்திரத்தில் இரண்டு துண்டுகள் சேர வேண்டும். கீழே உள்ள பைத்தான் குறிப்பில் r மாத உபரி வருமானங்கள், g3 கோட்டளவை, g4 தட்டை அளவை.

```python
import numpy as np

def sharpe_ci(r, n=12, z=1.96):
    r = np.asarray(r)
    T, d = len(r), r - r.mean()
    s = r.mean() / r.std(ddof=1)
    g3 = (d**3).mean() / r.std()**3
    g4 = (d**4).mean() / r.std()**4
    se = np.sqrt((1 - g3*s + (g4 - 1)/4 * s**2) / T)
    k = np.sqrt(n)
    return s*k, (s - z*se)*k, (s + z*se)*k
```

நம் ஃபண்டின் கோட்டளவை -1.5, தட்டை அளவை 8 என்று இருந்தால், இடைவெளி -0.51 முதல் 2.24 வரை விரிகிறது. இந்த எண்ணும் தாராளமானதுதான். அந்தப் பெரிய அடி 36 மாதத்துக்குள் விழவே இல்லையென்றால் g3-உம் g4-உம் சாதாரணமாகத்தான் தெரியும். சூத்திரத்தால் தரவில் இல்லாததைப் பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கல், அடுத்தடுத்த மாதங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது. எளிதில் விற்க முடியாத சொத்துகளின் விலையை மதிப்பீட்டாளர்கள் மெதுவாக மாற்றும்போது இது வரும். இந்த மாத வருமானத்துக்கும் போன மாத வருமானத்துக்கும் உள்ள ஒட்டுறவுக்கெழுவைப் பாருங்கள். அது 0.3 இருந்து, மாதங்கள் விலக விலக அதே விகிதத்தில் தேய்ந்தால், √12 என்ற 3.46-க்குப் பதில் சுமார் 2.61-ஆல்தான் பெருக்க வேண்டும். 0.87 என்றது 0.65 ஆகிவிடும். மேலே உள்ள குறிப்பு இதைக் கவனிக்காது. அதனால் முதலில் இந்தக் கெழுவைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் அதை ஓட்டுங்கள்.

படி 5: இதில் திறமை எங்கே?

நம் இடைவெளிக்குள் பூச்சியம் இருக்கிறது. அதனால் திறமை இருக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. திறமை இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 1.5 கூடத்தான் உள்ளே இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துபவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

பூச்சியத்தோடு ஒப்பிடுவதே தவறான கேள்வியாகவும் இருக்கலாம். எந்தத் திறமையும் இல்லாமல் சந்தைக் குறியீட்டை அப்படியே வாங்கி வைத்திருந்தாலே நீண்ட காலத்தில் ஷார்ப் பூச்சியத்துக்கு மேல் இருக்கும். பங்கு ஃபண்ட் மேனேஜரின் திறமையைப் பார்க்க வேண்டுமென்றால், ஃபண்டின் மாத வருமானத்திலிருந்து குறியீட்டின் மாத வருமானத்தைக் கழித்து, அந்த வித்தியாசத்துக்கு இதே படிகளைச் செய்ய வேண்டும். இதற்குத் தகவல் விகிதம் என்று பெயர். ஃபண்டும் குறியீடும் ஒரே அளவு சந்தை ரிஸ்க் எடுத்திருந்தால்தான் இந்தக் கழித்தல் நியாயமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வித்தியாசத்தின் சராசரி மாதம் 0.2%, திட்டவிலக்கம் 1.5% என்று வைப்போம். மாத விகிதம் 0.133, வருடத்துக்கு 0.46. தொழிலில் இது மரியாதையான எண். இதன் இடைவெளி பூச்சியத்தைத் தாண்ட எத்தனை மாதத் தரவு தேவை? (1.96 ÷ 0.133)², அதாவது சுமார் 216 மாதம். 18 வருடம்! அதற்குள் மேனேஜர், உத்தி, ஃபண்டின் அளவு எல்லாமே மாறியிருக்கக்கூடும்.

படி 6: எத்தனை பேரிலிருந்து இவரைப் பொறுக்கினோம்?

இடைவெளிச் சூத்திரம், நீங்கள் இந்த ஃபண்டை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அளந்தீர்கள் என்று நம்புகிறது. நடைமுறையில் நாம் பட்டியலின் உச்சியிலிருந்துதான் எடுக்கிறோம். துளியும் திறமை இல்லாத 100 மேனேஜர்களைக் கணினியில் உருவாக்கிப் பாருங்கள்:

```python
import numpy as np

rng = np.random.default_rng()
x = rng.normal(0, 0.04, size=(36, 100))
s = x.mean(axis=0) / x.std(axis=0, ddof=1) * np.sqrt(12)
print(s.max())
```

பல முறை ஓட்டினால், முதலிடம் பிடிப்பவரின் வருட ஷார்ப் 1.5-ஐச் சுற்றியே வந்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் எல்லோருக்கும் உண்மை ஷார்ப் பூச்சியம். நம் 0.87-ஐ இந்தப் பட்டியலில் வைத்தால் அது முதல் சில இடங்களுக்குள்கூட வராமல் போகலாம்.

இதைச் சரிசெய்ய எளிய வழி, 5% பிழை வாய்ப்பை 100-ஆல் வகுத்துவிடுவது. அப்போது 1.96-க்குப் பதில் 3.48 வரும். 3 வருடத் தரவில் 3.48 × 0.577, அதாவது வருட ஷார்ப் 2.0 தாண்டினால்தான், நூறு பேரில் முதலிடம் பிடித்தவரைப் பற்றி "இது வெறும் அதிர்ஷ்டமாக இருக்காது" என்று பேச ஆரம்பிக்கலாம். தங்கள் வருமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நகரும் ஃபண்டுகள் என்றால் இந்த வரம்பு தேவைக்கு அதிகமாகக் கறாரானது. நடுவில் மூடப்பட்ட ஃபண்டுகள் பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தால், 100 என்ற எண்ணே குறைவு. மூடியவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும்.