லைட் பாக்ஸ் வாங்கிய பிறகும் பின்னணி ஏன் சாம்பலாக வருகிறது?

நான் விற்பது டெரகோட்டா நகைகள். 9 அங்குல மடக்கு லைட் பாக்ஸ் ஒன்று வாங்கி, வெள்ளை பிவிசி ஷீட்டை விரித்து, மெரூன் ஜிமிக்கி ஒரு ஜோடியை நடுவில் வைத்து எடுத்த முதல் படத்தில் பின்னணி மழைக்கால வானம் மாதிரி மங்கலாக இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஒரு டேபிள் லேம்ப்பையும் பக்கத்தில் வைத்தேன், அப்போதும் அதே சாம்பல்தான். நிறைய பேர் செய்யும் முதல் தவறு இதுதான்.

போன் கேமராவுக்குத் தன் முன்னால் இருப்பது வெள்ளைத் தாளா சிமென்ட் சுவரா என்று உறுதியாகத் தெரியாது. படத்தின் மொத்த வெளிச்சத்தையும் ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தால், "இது ரொம்பப் பிரகாசம்" என்று அதுவாகவே குறைத்துவிடும். நீங்கள் விளக்கைக் கூட்டக் கூட அதுவும் குறைத்துக்கொண்டே போகும். ஆகவே மாற்ற வேண்டியது விளக்கை இல்லை, போன் கேமராவின் வெளிச்ச அளவை.

திரையில் ஜிமிக்கியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு பூட்டுப் படம் தெரியும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை மெதுவாக மேலே தள்ளுங்கள். என் ஜிமிக்கிக்கு +0.7 போதுமாக இருந்தது, முத்து வைத்த வெள்ளை நகை என்றால் +1 வரை போக வேண்டியிருக்கும். கறுப்பு நகை படம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தால் கதை தலைகீழ்: போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நீங்கள் கொஞ்சம் இறக்க வேண்டும்.

அதற்காகப் பின்னணி பளிச்சென்று ஆகும் வரை தள்ளிக்கொண்டே போகாதீர்கள். ஜிமிக்கியின் ஓரம் பின்னணியில் கரையத் தொடங்கினால், மணிகளின் மேல் உள்ள கோடுகள் மறைந்தால், அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அப்படித் தொலைந்த கோடுகளை எடிட்டிங்கில் மீட்க முடியாது. லேசான சாம்பல் மிச்சம் இருந்தால் அதைப் பிறகு வெள்ளையாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, அறையின் மற்ற விளக்குகள். பாக்ஸின் எல்இடி ஒரு நிறம், கூரை டியூப் லைட் இன்னொரு நிறம், ஜன்னல் வெயில் மூன்றாவது. மூன்றும் கலந்தால் நிழல் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும், நிறச் சாயலைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் எதுவும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது. மெரூன் நகை காவியாகத் தெரிந்து, வாங்கியவர் "படத்தில் பார்த்த கலர் இல்லையே" என்று திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடி, அறை விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். அப்புறம், எல்இடியின் டிம்மரைக் குறைத்து வைக்காதீர்கள். மலிவான டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவைத்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன, அது படத்தில் குறுக்குப் பட்டைகளாக விழும். முழு வெளிச்சத்தில் விட்டுவிட்டு மற்றதைப் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

நகை சின்னது என்று போனைக் கிட்டே கொண்டுபோவதும் தவறு. சில போன்கள் கிட்டே போனதும் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும், உருண்டை ஜிமிக்கி கோணலாக நீளும், போனின் நிழலும் ஷீட்டில் விழும். ஒரு முழம் தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள், வடிவம் அப்படியே வரும்.

எடுத்த படம் உண்மையிலேயே வெள்ளையா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கூகுள் டாக்ஸில் ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டுங்கள் (டார்க் மோடில் இருக்கக் கூடாது). படத்தின் ஓரம் தனியாகத் தெரிந்தால் இன்னும் சாம்பல் இருக்கிறது. ஸ்னாப்சீடில் Curves திறந்து, வலது மேல்மூலைப் புள்ளியைக் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்துங்கள், பின்னணி வெளுக்கும்போது நகையின் இருண்ட பகுதிகள் அதிகம் மாறாது. மொத்தப் பிரைட்னஸைத் தூக்கினால் மெரூனும் சேர்ந்து வெளிறிப்போகும். அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி 255, 255, 255 என்ற தூய வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதால் அங்கே விற்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

எடிட் செய்யும்போது போனின் இரவு நேர மஞ்சள் திரையை அணைத்துவிடுங்கள். அது எரியும்போது எல்லாமே மஞ்சளாகத் தெரிய, நீங்கள் நீலத்தைக் கூட்டிக் கூட்டிச் சரிசெய்வீர்கள், காலையில் பார்த்தால் பின்னணி முழுக்க நீலம் பூத்திருக்கும். நான் 14 படங்களை இப்படித்தான் ஒரு ராத்திரியில் கெடுத்து, மறுநாள் முதலிலிருந்து செய்தேன்.