இட்லி வண்டியில் டைபாய்டு நுழையும் வாசல்: சட்னியைக் காப்பது எப்படி?

வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் மாலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டிகள் வந்துவிடும். நோயாளிக்குத் துணையாக வெளியூர்களிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் அங்கேதான் இரவு உணவு சாப்பிடுகிறார்கள். அப்படி ஒரு வண்டியில் இட்லி விற்கும் அக்காவுக்கு நான் செய்துகொடுத்த ஏற்பாட்டைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதிதாக வண்டி போடுபவர்களும் இதைப் பின்பற்றலாம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். டைபாய்டு கிருமி மனிதர்களிடம் மட்டுமே வாழ்கிறது. ஈ, எலி, மாடு எதற்கும் இந்த நோய் வருவதில்லை. ஒருவருடைய மலத்தில் வெளியேறும் கிருமி, தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் நோய் பரவும். நெரிசலான ஊரில் இதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வரும் தெருக்களில், இடைப்பட்ட நாட்களில் குழாய் காலியாக, அழுத்தமில்லாமல் கிடக்கிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் அழுக்கு நீர் உள்ளே கசிந்துவிடும். அடுத்த முறை தண்ணீர் திறந்துவிடும்போது முதலில் வருவது அந்த நீர்தான். 2017 முதல் 2020 வரை இந்தியாவில் குழந்தைகளிடையே நடந்த டைபாய்டு ஆய்வில் வேலூரும் ஒரு களம். நகர்ப்புறக் களங்கள் எல்லாவற்றிலும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் நோய் உறுதியானது. கிராமப்புறக் களத்தில் அந்த எண்ணிக்கை 35 மட்டுமே.

படி 1: உணவு போகும் பாதையை எழுதுங்கள்

ஒரு தாளில், வீட்டில் தொடங்கி வாடிக்கையாளர் கை வரை நடப்பதை வரிசையாக எழுதுங்கள். அக்காவின் தாளில் இருந்தவை: மாவு அரைப்பது, இட்லி அவிப்பது, சாம்பார் கொதிப்பது, தேங்காய்ச் சட்னி அரைப்பது, தாளிப்பது, தட்டில் வைத்துக் கொடுப்பது, குடிக்கத் தண்ணீர் ஊற்றுவது, தட்டு கழுவுவது.

படி 2: ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி

“இதற்குப் பிறகு நெருப்பு வருகிறதா?” இதுதான் கேள்வி. மாவில் அழுக்குத் தண்ணீர் கலந்திருந்தாலும், பத்து நிமிடத்துக்கும் மேல் நன்றாக ஆவியில் வெந்த இட்லியில் டைபாய்டு கிருமி பிழைக்காது. அடுப்பில் கொதித்தபடியே இருக்கும் சாம்பாரும் அப்படித்தான். சட்னிக்கு மட்டும் அந்தக் காவல் இல்லை. “தாளிக்கிறேனே தம்பி, எண்ணெய் புகை வரக் காய்ந்திருக்குமே” என்று அக்கா கேட்டார். ஒரு கரண்டி எண்ணெய் மேலே விழுந்தவுடன் ஆறிவிடும், குண்டான் சட்னி முழுவதையும் அது சூடாக்காது. பின்னால் நெருப்பு வராத இடம், அங்கே தவறினால் வேறெங்கும் சரிசெய்ய முடியாத இடம், முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி. அக்காவின் வண்டியில் அவை மூன்று: சட்னி, குடிநீர், பரிமாறும் கை.

1906இல் நியூயார்க் அருகே ஒரு வீட்டில் பலருக்கு டைபாய்டு வந்தது. காரணம், எந்த நோயும் தெரியாமல் கிருமியைச் சுமந்த சமையல்காரி மேரி மேலன். அவர் சூடாகச் சமைத்தவை அல்ல, பச்சைப் பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம்தான் கிருமியைக் கடத்தியது என்று விசாரித்தவர் கருதினார். நம் சட்னியும் அந்த ஐஸ்கிரீமும் ஒரே வகை.

படி 3: சட்னித் தண்ணீர்

அக்காவுக்கு இரவு முழுவதற்கும் சட்னிக்கு மூன்று லிட்டர் தண்ணீர் போதும். இவ்வளவு குறைவானதற்கு மருந்து வேண்டாம், காய்ச்சுவதே எளிது. நீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். மூடி, அதே பாத்திரத்திலேயே ஆற விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். காய்ச்சிய நீரைப் பழைய குடத்தில் ஊற்றுகிறார்கள், பிறகு டம்ளரை விரலோடு உள்ளே விட்டு மொள்ளுகிறார்கள். காய்ச்சியது வீணாகிவிடுகிறது. சாய்த்து ஊற்றுங்கள். சட்னியைத் தளர்த்தக் கடையில் சேர்க்கும் நீரும் இதுவாகவே இருக்க வேண்டும். நான் போன முதல் நாள் அக்கா வீட்டில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, எட்டு மணிக்குச் சட்னி கெட்டியானதும் பக்கத்து டிரம்மிலிருந்து ஒரு செம்பு ஊற்றினார்.

படி 4: சட்னிக்கு இரண்டு மணி நேரம்

டைபாய்டு கிருமி தண்ணீரில் பெருகுவதில்லை, உயிரோடு காத்திருக்கும். ஆனால் தேங்காய்ச் சட்னி அதற்கு நல்ல விளைநிலம், அதிலும் வேலூர் வெயில் நாளில். குளிர்ச்சியாக 5 டிகிரிக்குக் கீழோ சூடாக 60 டிகிரிக்கு மேலோ வைக்கத் தள்ளுவண்டியில் வசதி இல்லை, எனவே நேரத்தைத்தான் கட்டுப்படுத்த முடியும். அக்கா மொத்தமாக அரைப்பதை நிறுத்தினார். ஆறு மணிக்கு ஒரு குண்டான், எட்டு மணிக்கு மகன் வீட்டில் புதிதாக அரைத்துக் கொண்டுவரும் இன்னொன்று. முதலாவதில் மிஞ்சியதை இரண்டாவதில் சேர்க்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தக் கிருமி சட்னியைப் புளிக்க வைக்காது, மணத்தையும் மாற்றாது.

படி 5: குடிநீர்

இதற்குக் குளோரின் மாத்திரை. மருந்துக்கடையில் கிடைக்கும் அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்குப் போதும், ஆனாலும் உறையில் உள்ள அளவைப் படியுங்கள். கலங்கிய நீர் குளோரினைத் தின்றுவிடும், முதலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு குளோரின் சோதனைப் பெட்டியின் குழாயில் நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறத்தை உடனே அட்டையோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். நிறமே வராவிட்டால் மாத்திரை பழையது அல்லது நீர் மிக அழுக்கு. அந்த டிரம்மைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. குழாய் வைத்த டிரம்மாக இருந்தால் யாரும் கையை உள்ளே விட மாட்டார்கள்.

படி 6: கை

டைபாய்டு வந்து குணமானவர்களில் சிலர் பித்தப்பையில் கிருமியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெளியேற்றுகிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது. அதனால் “எனக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்பது பதிலாகாது. கழிப்பறை போய் வந்ததும் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும். வண்டியில் குழாய் வைத்த ஒரு சின்ன கேன் போதும். காசு வாங்கும் ஆள் வேறு, இட்லி எடுப்பவர் வேறு என்றால் மிக நல்லது. ஆள் இல்லாவிட்டால் இடுக்கியால் எடுங்கள். தட்டு கழுவும் வாளிக்குப் பதில் வாழை இலை வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை.

படி 7: நோட்டுப் புத்தகம்

டைபாய்டு கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் தெரிய பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதற்குள் லாட்ஜில் தங்கியவர் தன் ஊருக்கே போயிருப்பார், அக்காவிடம் வந்து குறை சொல்ல மாட்டார். புகார் வரவில்லை என்பதை வைத்து எதையும் அறிய முடியாது. அக்கா தினமும் நான்கு விவரங்களை எழுதுகிறார்: தண்ணீர் காய்ச்சிய நேரம், குளோரின் அளவு, சட்னி வந்த நேரம், கொட்டிய நேரம். சென்ற வாரம் ஒரு நாள் இரண்டாவது கட்டத்தில் ‘நிறம் இல்லை’ என்று இருந்தது. அதற்குக் கீழே, அன்று காய்ச்சிய நீர் மட்டும் கொடுத்ததாகவும் மறுநாள் புது மாத்திரை வாங்கியதாகவும் அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது.