மூணடிக் கதவுக்குப் போட்ட லிண்டலையே ஆறடி ஜன்னலுக்கும் போடாதீர்கள்

கோபி பக்கம் மாமா வீட்டில் ஹால் ஜன்னலுக்கு மேலே ஒரு வெடிப்பு. ஜன்னலின் இடது மேல் மூலையில் ஆரம்பித்து, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகவே சாய்வாக ஏறி, ரூஃபுக்கு ஒரு சாண் கீழே போய் நின்றிருந்தது. இரண்டு தடவை பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தும் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. "சூடு, குளிருக்குப் பூச்சு வெடிக்கும், அதுக்கென்ன பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஆனால் ஒரு வெடிப்பு ஜன்னல் மூலையில் ஆரம்பித்து, செங்கல் படியில் ஏறி, அடைத்த பிறகும் திரும்ப வருகிறது என்றால் அது பூச்சோடு நிற்கிற விஷயம் இல்லை. முதலில் லிண்டலை, அதாவது திறப்புக்கு மேலே சுவரைத் தாங்குகிற கான்கிரீட் பட்டையைப் பார்க்கணும்.

அங்கே பூச்சைக் கொத்திப் பார்த்தோம். ஜன்னல் திறப்பு 6 அடி. லிண்டலின் மொத்த நீளம் 7 அடி, அதாவது இரண்டு பக்கமும் ஆறாறு இன்ச் சுவரில் உட்கார வேண்டியது. ஆனால் இடது பக்கம் 3 இன்ச்தான் உட்கார்ந்திருந்தது, வலது பக்கம் 9 இன்ச். லிண்டல் போட்ட பிறகு, வெளியே எலிவேஷனில் ஜன்னல் நடுவில் வரவில்லை என்று திறப்பை மூன்று இன்ச் நகர்த்திக் கட்டியிருக்கிறார்கள். லிண்டலை யாரும் நகர்த்தவில்லை. லிண்டலின் கனம் 6 இன்ச், அடியில் 10 எம்.எம். கம்பி இரண்டு, மேலே 8 எம்.எம். இரண்டு. அந்த வீட்டில் மூணடிக் கதவுக்கும் அதே லிண்டல்தான், நாலடி ஜன்னலுக்கும் அதேதான். மேஸ்திரியைக் கேட்டால், "எல்லா ஊட்டுக்கும் இதைத்தானுங்க போடறோம், ஒண்ணும் ஆவாதுங்க" என்கிறார். மூணடிக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆறடிக்கு அப்படி இல்லை, ஏன் என்று கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் பாரம். லிண்டலுக்கு மேலே உள்ள சுவர் முழுவதும் அதன் தலையில் இறங்காது, அறுபது டிகிரி முக்கோணத்துக்குள் இருக்கிற செங்கல் மட்டும்தான் இறங்கும், மீதியைச் சுவர் தானே வளைவு மாதிரி இரண்டு பக்கமும் தள்ளிவிடும் என்று படித்திருப்போம். அது சரிதான், ஆனால் இரண்டு விஷயம் இருக்கணும்: அந்த முக்கோணம் முழுசாக அமைகிற அளவுக்கு மேலே சுவர் உயரம் வேண்டும், பக்கத்தில் தள்ளுகிற பாரத்தை வாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் போதுமான நீளச் சுவர் வேண்டும். நம் வீடுகளில் லிண்டலின் அடிமட்டம் 7 அடி, ரூஃப் 10 அடி. லிண்டல் போக மிச்சம் இருப்பது இரண்டரை அடிச் சுவர். ஆறடித் திறப்புக்கு அந்த முக்கோணத்தின் உயரம் ஐந்து அடிக்கு மேல் வருகிறது. அப்படியானால் ரூஃப் ஸ்லாப் முக்கோணத்தின் பாதி உயரத்துக்கும் கீழேயே அதை வெட்டிவிடுகிறது, ஸ்லாப் பாரத்தில் பெரும்பங்கு நேராக லிண்டலுக்கு வந்துவிடும். இந்த இடத்தில் முக்கோணத்தை நம்பிக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. இப்படிப்பட்ட திறப்புக்கு நான் முழுப் பாரத்தையும் எடுத்துக்கொள்வேன்.

மாமா வீட்டு ஹால் 12 அடி அகலம். ஸ்லாப், மேலே தளவோடு, ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்த்து அதன் பாதி இந்தச் சுவருக்கு வந்தால், ஓடும் அடிக்கு நானூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டரை அடி உயர ஒன்பது இன்ச் சுவர் சுமார் நூறு கிலோ, லிண்டலின் சொந்த எடை இருபத்தைந்து முப்பது. மொத்தம் அடிக்கு 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறடித் திறப்போடு, இரண்டு முனையும் சுவரில் உட்காருகிற நீளத்தில் பாதியைச் சேர்த்தால் ஆறரை அடி, அதற்கு மூன்றரை டன், ஒவ்வொரு முனைக்கும் ஏறக்குறைய 1.8 டன்.

இப்போது கனம். லிண்டலை வளைக்கிற விசை நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே பாரத்துக்கு மூணடியில் வருவதைப் போல ஆறடியில் ஏறக்குறைய நாலு மடங்கு வரும். எம் 20 கான்கிரீட், 500 கிரேடு கம்பி என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்தால், இந்தப் பாரத்துக்கு 6 இன்ச் லிண்டலும் அடியில் இரண்டு 10 எம்.எம். கம்பியும் நாலடித் திறப்பு வரைக்கும் தாங்குகிறது. அஞ்சடியிலேயே 6 இன்ச் கனம் போதவில்லை. ஆறடியில் பேச்சே இல்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் இன்னொரு தவறைச் செய்கிறார்கள். "சரி, ரெண்டு கம்பி சேத்திப் போட்டுக்கலாம்" என்பார்கள். 6 இன்ச் லிண்டலில் நாலு கம்பி, அஞ்சு கம்பி என்று திணித்தாலும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அங்கே முதலில் தோற்பது கம்பி இல்லை, மேல் பக்கத்துக் கான்கிரீட். அதுவும் முன்கூட்டி வெடிப்புக் காட்டாமல் நொறுங்குகிற தோல்வி, அதனால்தான் அப்படி வடிவமைக்கவே கூடாது என்கிறார்கள். கூட்ட வேண்டியது கனத்தை. 6 இன்ச்சை 9 இன்ச் ஆக்கினால் தாங்கும் திறன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிடும், அதற்கு அடியில் 12 எம்.எம். இரண்டு கம்பி போதும். இரண்டு 10 எம்.எம். கொஞ்சம் குறைகிறது. 8 எம்.எம். ரிங் அஞ்சு இன்ச்சுக்கு ஒன்று. ஒன்பது இன்ச் என்றால் செங்கல் வரிசையோடும் ஒத்துப்போகும், கொத்தனாருக்கும் தொல்லை இல்லை. மேலே இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் கணக்கை மறுபடி போடணும், இதே அளவை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது பேரிங், அதாவது லிண்டல் முனை சுவரில் உட்காருகிற நீளம். மாமா வீட்டு வெடிப்புக்கு நேரடிக் காரணம் இதுதான். 1.8 டன்னை 3 இன்ச் நீளம், 9 இன்ச் அகலம் உள்ள இடத்தில் இறக்கினால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோவுக்கு மேல் வருகிறது. சாதாரணச் சூளைச் செங்கலை ஒன்றுக்கு ஆறு கலவையில் கட்டிய சுவருக்கு அனுமதிக்கிற அழுத்தம் நாலு கிலோவை ஒட்டித்தான். முனையில் மட்டும் குவிகிற பாரம் என்பதால் ஒன்றரை மடங்கு வரை விட்டுக்கொடுத்தாலும் ஆறு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். 6 இன்ச் பேரிங்கில் அஞ்சு கிலோவும் சொச்சமும் வரும், சரியாகிவிடும். 9 இன்ச்சில் மூன்றரை. அதோடு, லிண்டல் லேசாக வளையும்போது பாரம் சமமாகப் பரவாது, திறப்பின் ஓரத்துச் செங்கல் மேல்தான் அதிகமாக ஏறும். அந்த ஓரத்துச் செங்கல் நசுங்கி ஒரு நூல் இறங்கினாலும் மூலையில் இருந்து சாய்வு வெடிப்பு கிளம்பிவிடும். அதனால் நாலடி வரைக்கும் பக்கத்துக்கு 6 இன்ச் குறையாமல், அதற்கு மேல் 8 அல்லது 9 இன்ச் கொடுங்கள். பேரிங்குக்குக் கீழே இருக்கிற வரிசை முழுச் செங்கலாக, கலவை நிறைந்து இருக்கணும். மட்டம் கொண்டுவர அரைக்கல்லையும் உடைசலையும் அங்கே சொருகுவதை எத்தனையோ சைட்டில் பார்த்திருக்கிறேன், சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கதவும் ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நடுவில் ஒன்பது இன்ச் தூண் மாதிரிச் சுவர் மட்டும் நின்றால், இரண்டு லிண்டலையும் தனித்தனியாகப் போடாதீர்கள். ஆளுக்கு நாலரை இன்ச்தான் உட்கார இடம் கிடைக்கும். ஒரே லிண்டலாக இழுத்துவிடுங்கள், ஆனால் அப்படி இழுக்கும்போது நடுத்தூணுக்கு மேலே இழுவிசை மேல் பக்கம் வரும், அதனால் அங்கே 8 எம்.எம். மேல் கம்பியை அப்படியே விடாமல் அடிக்கம்பிக்குச் சமமாகப் போடணும். நாலு புறமும் லிண்டலைப் பட்டையாக ஓட்டுவது நிலநடுக்கத்துக்கும் சேர்த்து இன்னும் நல்லது. கோயம்புத்தூரில் 1900 பிப்ரவரியில் நிலநடுக்கம் வந்திருக்கிறது, நிலநடுக்கத்துக்கான 2016 விதிநூல் ஐ.எஸ். 1893-ல் ஊர் மூன்றாவது மண்டலத்தில் இருக்கிறது.

அப்புறம் நிலவு, அதாவது கதவு நிற்கிற மரச்சட்டம். மர நிலவு நிற்கிறது, அது தாங்கிக்கொள்ளும் என்று லிண்டலை அதன் மேலேயே உட்கார வைப்பார்கள். நிலவு பாரம் தாங்குவதற்கு இல்லை. கதவு சிக்க ஆரம்பித்தால் மழைக்கு மரம் ஊதியது என்று இழைத்துவிடாமல், லிண்டல் அடியில் நடுவில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கிற வெடிப்பு கம்பியும் கனமும் போதாததைக் காட்டும், மூலையில் சாய்வாக ஏறுவது பேரிங்கைக் காட்டும். மாமா வீட்டில் இரண்டுமே இருந்தது.

சன்ஷேடு சேர்ந்த லிண்டலில் சன்ஷேடு கம்பி மேலே இருக்கணும். சன்ஷேடு சுவரில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் இழுவிசை அதன் மேல் பக்கத்தில்தான். கட்டும்போது சரியாகத்தான் கட்டுவார்கள், கான்கிரீட் கொட்டும்போது சித்தாள் அதன் மேல் மிதித்து நடந்ததில் கம்பி பலகையோடு போய் ஒட்டிக்கொள்ளும். கவர் பிளாக் மட்டும் வைத்தால் போதாது, மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்க நாற்காலிக் கம்பி வேண்டும். அடியில் கொடுத்த முட்டுகளை எப்போது எடுப்பது என்பதையும் கவனிக்கணும். லிண்டலுக்கு 14 நாள் என்று கணக்கு வைத்து சன்ஷேடு முட்டுகளையும் சேர்த்து உருவிவிடுகிறார்கள். மேலே சுவர் ஏறாத லிண்டல் லேசாக இருக்கும், சன்ஷேடு எடைக்கு அது வெளிப்பக்கம் புரள இழுக்கும். அழுத்திப் பிடிக்க மேலே சுவர் ஏறிய பிறகுதான் சன்ஷேடு முட்டுகளை எடுக்கணும், அதுவரைக்கும் ஜன்னல் வேலை தாமதமானாலும் பரவாயில்லை.

மாமா வீட்டில் கடைசியில் லிண்டலையே மாற்றினோம். ஹால் உள்ளே சுவரில் இருந்து இரண்டடி தள்ளி வரிசையாக ஜாக்கி கொடுத்து ஸ்லாப்பைத் தாங்கிவிட்டு, லிண்டலுக்கு மேலிருந்த சுவரைப் பிரித்து, பழையதை எடுத்தோம். இரண்டு பக்கமும் 9 இன்ச் உட்காருகிற மாதிரி சுவரை வெட்டி, அடியில் மூன்று இன்ச் கான்கிரீட் திண்டு போட்டு, அதன் மேல் 9 இன்ச் லிண்டல். 14 நாள் கழித்து மேலே செங்கல் கட்டும்போது ஸ்லாப்புக்கு அடியில் ஒரு இன்ச் இடைவெளி விட்டோம், அதில் தண்ணீர் குறைவான கெட்டிக் கலவையைக் கட்டையால் இடித்து இடித்து நிரப்பி, அது இறுகி ஒரு வாரம் ஆன பிறகே ஜாக்கியை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். ஈரக் கலவையை அங்கே திணித்திருந்தால் அது காய்ந்து சுருங்கி, ஸ்லாப் இறங்கித்தான் சுவரைத் தொட்டிருக்கும்.